'முதல்ல உனக்குத்தான்': யாருக்கு முன்னால்?

மேடம், வணக்கம். நான் வில்லிவாக்கத்தில் இருக்கிறேன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2016ல் என் பெரியப்பா மகனின் அம்பத்தூர் கம்பெனியில் (பிரைவேட் லிமிடெட், வண்டி உதிரிபாகம் செய்கிறார்கள்) 5 லட்சத்துக்கு 9 சதவீத பிரிஃபரன்ஸ் ஷேர் வாங்கினேன். மனைவி பேரில் 1 லட்சத்துக்கு ஈக்விட்டி ஷேர் இருக்கிறது. மூன்று வருடமாக டிவிடெண்ட் வரவில்லை. கம்பெனியை மூடப் போவதாகப் பேச்சு. அண்ணனைக் கேட்டால், "மூடினா பிரிஃபரன்ஸ்காரனுக்குத்தான் முதல்ல, கவலைப்படாதே" என்கிறார். போன வாரம் வேறு பேச்சு: "ஈக்விட்டியா மாத்திக்கோ, இடமும் மெஷினும் அஞ்சு கோடிக்குப் போகும், நல்லா வரும்." எதை நம்புவது? சர்ட்டிபிகேட், பேலன்ஸ் ஷீட் நகல்களை இணைத்திருக்கிறேன்.

வணக்கம். நகல்களைச் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கே முதலில் நன்றி. கம்பெனி செக்ரட்டரியாக இத்தனை வருடம் இருந்ததில், சர்ட்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே கேள்வி கேட்பவர்கள்தான் எனக்கு அதிகம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பொய் இல்லை, பாதி விட்டுப்போயிருக்கிறது. பிரிஃபரன்ஸ் ஷேருக்கு முன்னுரிமை உண்டுதான். அது ஈக்விட்டி ஷேர் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் மட்டுமே. வரிசையில் கடைசி ஆள் ஈக்விட்டிக்காரர் என்றால், அவருக்கு முந்தின ஆள் நீங்கள். மற்ற எல்லோரும் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

டிவிடெண்டிலிருந்து வருகிறேன். 9 சதவீதம் என்று போட்டிருப்பதால் பலர் இதை வங்கி வட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி என்றால் கம்பெனி நஷ்டத்தில் ஓடினாலும் கொடுத்தாக வேண்டும். டிவிடெண்ட் அப்படி இல்லை. லாபம் இருக்க வேண்டும், அதைப் பிரித்துக் கொடுப்பதாக போர்டு முடிவெடுக்க வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் அதை அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அது கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். 30 நாளுக்குள் தர வேண்டும். அறிவிக்காத வரை கடன் இல்லை. லாபம் வந்தும் போர்டு "இந்த வருடம் வேண்டாம்" என்று சொன்னால் உங்களால் கட்டாயப்படுத்த முடியாது.

அப்படியென்றால் முன்னுரிமையால் என்ன பயன்? உங்களுக்குத் தராமல் ஈக்விட்டிக்குத் தர முடியாது என்பதுதான். உங்கள் சர்ட்டிபிகேட்டில் 'க்யூமுலேட்டிவ்' என்ற சொல் இருக்கிறது. அதாவது விட்டுப்போன வருடங்களின் டிவிடெண்ட் மறைந்துபோகாது, பாக்கியாகச் சேரும். அந்தச் சொல் இல்லாதிருந்தால் போன மூன்று வருடம் போனது போனதுதான். கம்பெனியின் மொத்த பிரிஃபரன்ஸ் மூலதனம் 50 லட்சம், ஈக்விட்டி 1 கோடி என்று பேலன்ஸ் ஷீட் சொல்கிறது. 50 லட்சத்துக்கு 9 சதவீதம் வருடத்துக்கு 4.5 லட்சம், மூன்று வருடப் பாக்கி 13.5 லட்சம். உங்கள் பங்கு அதில் 1,35,000 ரூபாய். அடுத்த வருடம் கம்பெனி நன்றாக ஓடி 25 லட்சம் பிரித்துக் கொடுக்க முன்வந்தால், பழைய பாக்கி 13.5, அந்த வருடத்துக்கு 4.5, ஆக 18 லட்சம் பிரிஃபரன்ஸ்காரர்களுக்குப் போகும். மீதி 7 லட்சம்தான் ஈக்விட்டிக்கு, 10 ரூபாய் ஷேருக்கு 70 பைசா. இதே கம்பெனி ஒரு வருடம் கோடிக்கணக்கில் லாபம் பார்த்தால் நிலைமை தலைகீழ். அப்போதும் உங்களுக்கு அதே 9 சதவீதம்தான், மீதியெல்லாம் ஈக்விட்டிக்கு. கீழே போகும்போது கொஞ்சம் தாங்குவதற்கு, மேலே போகும்போது கிடைப்பதை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். 2016ல் நீங்கள் செய்த ஒப்பந்தம் அதுதான்.

இந்தப் பாக்கியை பேலன்ஸ் ஷீட்டின் குறிப்புகளில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அனுப்பிய நகலில் காட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம், விட்டுவிடுபவர்களும் உண்டு.

இனி மூடும் கதை. கடன்களையெல்லாம் கட்ட முடியும் என்று டைரக்டர்கள் உறுதிமொழி கொடுத்து, தாங்களாகவே மூடலாம். முடியவில்லை என்றால் ராஜாஜி சாலையில் இருக்கும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது என்.சி.எல்.டி.க்குப் போய்த்தான் முடியும். எந்த வழியில் போனாலும் சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிப்பவர் லிக்விடேட்டர். 2016ம் வருடத்துத் திவால் சட்டத்தின் 53வது பிரிவில் இருக்கும் வரிசைப்படிதான் அவர் கொடுக்க வேண்டும்.

அந்த வரிசையை உங்கள் அண்ணன் கம்பெனியின் எண்களை வைத்தே சொல்கிறேன். கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன். நிலம் விற்றால் வரும் வரியை இதில் சேர்க்கவில்லை; சேர்த்தால் மீதி இன்னும் குறையும். தொழிலாளர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டி பணமும் தனி. அது இந்த வரிசைக்கே வராது.

முதலில் லிக்விடேட்டரின் சம்பளமும் விற்பனைச் செலவும், 20 லட்சம் என்று வைப்போம். அடுத்து, ஒரே படியில் சமமாக, தொழிலாளர்களின் கடைசி 24 மாதச் சம்பளப் பாக்கி 30 லட்சம், அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கு 1 கோடியே 80 லட்சம். அதற்கப்புறம் ஆபீஸ் ஊழியர்களின் கடைசி 12 மாதச் சம்பளப் பாக்கி 10 லட்சம். பிறகு அடமானம் இல்லாமல் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள், 25 லட்சம். அரசாங்கத்துக்கு வரி பாக்கி 15 லட்சம். சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் 30 லட்சம். எல்லாம் கூட்டினால் 3 கோடியே 10 லட்சம். இவ்வளவும் போனபின் மிச்சம் இருந்தால்தான் பிரிஃபரன்ஸ். அதற்கும் பின்னால் ஈக்விட்டி.

சொத்தெல்லாம் விற்று 3 கோடியே 20 லட்சம் வந்தது என்று வையுங்கள். மீதி 10 லட்சம். அது 50 லட்சம் பிரிஃபரன்ஸ் முதலுக்கு, ரூபாய்க்கு 20 பைசா. உங்கள் 5 லட்சத்துக்கு 1 லட்சம் கிடைக்கும். உங்கள் மனைவியின் ஈக்விட்டிக்குப் பூஜ்யம். விலை 30 லட்சம் குறைந்து 2 கோடியே 90 லட்சம் என்று போனால் உங்களுக்கும் பூஜ்யம்; சரக்கு கொடுத்தவர்களுக்கே 30 லட்சத்தில் 10 லட்சம்தான் தேறும். விலை கூடி 3 கோடியே 80 லட்சம் வந்தால் மீதி 70 லட்சம்: உங்கள் 5 லட்சம் முழுசாகத் திரும்பும், ஈக்விட்டிக்கு 20 லட்சம் போகும், மனைவிக்கு 20,000. பூஜ்யத்துக்கும் முழுத் தொகைக்கும் நடுவே 50 லட்ச ரூபாய் தூரம்தான். ஒரு தொழிற்பேட்டை இடம் அவசரத்தில் விற்கும்போது இதைவிட அதிகமாக விலை ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வரிசையில் ஒரு வரியை நீங்கள் கவனிக்காமல் தாண்டியிருப்பீர்கள். அடமானம் இல்லாத கடன் 25 லட்சம் என்றேன் அல்லவா? பேலன்ஸ் ஷீட்டின் குறிப்பில் 'டைரக்டரிடம் பெற்ற கடன்' என்று போட்டிருக்கிறது. டைரக்டர் உங்கள் அண்ணன். சிறிய கம்பெனிகளில் இது சாதாரணம். முதலாளி கஷ்டகாலத்தில் தன் பணத்தை ஷேராகப் போடாமல் கடனாகப் போடுவார். அதில் தப்பில்லை, பல சமயம் அந்தப் பணத்தில்தான் கம்பெனி மூச்சு விட்டிருக்கும். ஆனால் வரிசையில் அந்தக் கடன் உங்களுக்கு முன்னால் நிற்கிறது. "முதல்ல உனக்குத்தான்" என்று சொல்பவரின் பணம், ஈக்விட்டி வழியாக உங்களுக்குப் பின்னாலும், கடன் வழியாக உங்களுக்கு முன்னாலும் இருக்கிறது. மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு இந்தக் கடனைக் கம்பெனி அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதையும் கவனியுங்கள். விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போனால், அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் உறவுக்காரருக்கோ டைரக்டருக்கோ மற்ற கடன்காரர்களை முந்திக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கச் சொல்லி லிக்விடேட்டர் மனு போட முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். உங்கள் ஷேர்களைக் கம்பெனி 2026ல் திரும்ப வாங்க வேண்டும் என்று சர்ட்டிபிகேட்டில் இருக்கிறது. தேதி வந்தும் தரவில்லை என்றால் கடன்காரர் மாதிரி தீர்ப்பாயத்துக்குப் போய்த் திவால் மனு போடலாமா? முடியாது. 2025ல் உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது. மேட்டிக்ஸ் ஃபெர்டிலைசர்ஸ் என்ற உரக் கம்பெனிக்குக் கட்டுமான வேலை செய்த ஈ.பி.சி. கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ், தனக்கு வர வேண்டிய பாக்கியில் 250 கோடிக்கு பிரிஃபரன்ஸ் ஷேராக வாங்கிக்கொண்டது. தேதி வந்தது, பணம் வரவில்லை. ஷேராக மாறிய நாளிலேயே அது கடன் இல்லாமல் போய்விட்டது என்றது நீதிமன்றம். பிரிஃபரன்ஸ் ஷேரைத் திருப்பிக் கொடுப்பது லாபத்திலிருந்தோ, அதற்கென்றே புதிதாக வெளியிட்ட ஷேர் பணத்திலிருந்தோ மட்டும்தான் நடக்கலாம் என்று கம்பெனி சட்டத்தின் 55வது பிரிவு சொல்கிறது. இரண்டும் இல்லாத கம்பெனி உங்களுக்குத் தரக் கடமைப்பட்ட 'கடன்' என்று எதுவும் கிடையாது.

ஈக்விட்டியாக மாற்றிக்கொள்ளச் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். 100 ரூபாய் முகமதிப்பில் இருக்கும் உங்கள் 5,000 பிரிஃபரன்ஸ் ஷேருக்கு 10 ரூபாய் ஈக்விட்டி 50,000 தருவார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பிரிஃபரன்ஸ் மூலதனம் 45 லட்சம், ஈக்விட்டி 1 கோடியே 5 லட்சம். 3 கோடியே 20 லட்சத்துக்கு விற்றால் மீதி 10 லட்சமும் மற்ற பிரிஃபரன்ஸ்காரர்களுக்கே போய்விடும். உங்களுக்கு வர வேண்டிய 1 லட்சம் போச்சு. 3 கோடியே 80 லட்சம் என்றால், 45 லட்சம் போக 25 லட்சம்தான் ஈக்விட்டிக்கு. உங்கள் பங்கு சுமார் 1,19,000. மாற்றாமல் இருந்திருந்தால் 5 லட்சம். மாற்றியதும் மாற்றாததும் ஒன்று என்று ஆக, விற்பனை 4 கோடியே 60 லட்சத்தைத் தொட வேண்டும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயில்தான் உங்களுக்கு லாபம் ஆரம்பிக்கும்.

இது டிவிடெண்ட் பாக்கியைச் சேர்க்காத கணக்கு. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'மூடும்போது, அறிவிக்காத டிவிடெண்ட் பாக்கியும் சேர்த்து முன்னுரிமையாகத் தரப்படும்' என்ற மாதிரி வரி இருந்தால், கடன்களெல்லாம் தீர்ந்தபின், முதலோடு உங்கள் 1,35,000மும் ஈக்விட்டிக்கு முன்னால் வரும். அப்படி ஒரு வரி இல்லை என்றால் வராது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டேன். மாற்றுவதும் மாற்றாததும் சமமாக ஆக விற்பனை 5 கோடியைத் தொட வேண்டும். உங்கள் அண்ணன் ஆசையாகச் சொன்ன அதே 5 கோடி. அதாவது அந்த வரி இருந்தால், அவர் கனவு அப்படியே பலித்தாலும், ஷேரை மாற்றியதற்காக உங்களுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது. பலிக்காவிட்டால் இருப்பதும் போகும். என் கருத்து: மாற்றாதீர்கள்.

ஆர்ட்டிகிள்ஸை வாங்க அண்ணனிடம் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. இணையதளத்தில் பொது ஆவணங்கள் பகுதியில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி பதிவு செய்த எல்லாவற்றையும் பார்க்கலாம். அதில் இன்னொன்றையும் தேடுங்கள்: ஓட்டுரிமை. சாதாரணமாக பிரிஃபரன்ஸ்காரருக்குத் தன் உரிமையைத் தொடும் தீர்மானங்களிலும், கம்பெனியை மூடும் தீர்மானத்திலும், மூலதனத்தைக் குறைக்கும் அல்லது திருப்பிக் கொடுக்கும் தீர்மானத்திலும் மட்டும்தான் ஓட்டு. டிவிடெண்ட் இரண்டு வருடம் வராவிட்டால் எல்லாத் தீர்மானத்திலும் ஓட்டு வந்துவிடும் என்கிறது 47வது பிரிவு. உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. முதலின் விகிதப்படி பிரிஃபரன்ஸ்காரர்கள் எல்லோருமாக மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வைத்திருக்கிறீர்கள். சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். நீங்கள் சேர்ந்து நின்றால் அது நிறைவேறாது. ஆனால் இது பிரைவேட் கம்பெனி. 2015ல் வந்த விலக்குப்படி, பிரைவேட் கம்பெனி தன் ஆர்ட்டிகிள்ஸில் இந்த 47வது பிரிவு எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக்கொள்ளலாம். சென்னையில் நான் படித்த ஆர்ட்டிகிள்ஸ் பலவற்றில், யாரோ மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்து ஒட்டிய மாதிரி அந்த வரி இருக்கும். ஷேர் வாங்கியவர்கள் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் தனியாக மறுத்தாலும், பிரிஃபரன்ஸ் முதலில் நான்கில் மூன்று பங்கு வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் உங்கள் உரிமைகளையும் சேர்த்து மாற்றிவிட முடியும். அதைத் தடுக்க 48வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது: ஒப்புக்கொள்ளாதவர்கள் அந்த வகை ஷேரில் 10 சதவீதமாவது வைத்திருந்தால், தீர்மானம் வந்த 21 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். 50 லட்சத்தில் உங்களுடையது 5 லட்சம். சரியாக 10 சதவீதம். 'பாதியை மட்டும் மாற்றிக்கொள்' என்று அடுத்த யோசனை வந்தால், ஒரே ஒரு ஷேரைக் கொடுத்தாலும் இந்தக் கதவு மூடிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். தபாலில் வரும் கூட்ட நோட்டீஸ் எதையும் பிரிக்காமல் வைக்க வேண்டாம். 21 நாள் சீக்கிரம் ஓடிவிடும்.

அண்ணன் தம்பிக்குள் தீர்ப்பாயம் வரை போவது கடைசி வழி, அது எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு பேச்சு பேசிப் பாருங்கள். "ஈக்விட்டிதான் லாபம்னு சொல்றீங்களே அண்ணா, உங்க 25 லட்சம் கடனை முதல்ல ஈக்விட்டியா மாத்துங்க, நான் யோசிக்கிறேன்" என்று கேளுங்கள். அவர் மாற்றினால், உங்களுக்கு முன்னால் நிற்கும் தொகை 3 கோடியே 10 லட்சத்திலிருந்து 2 கோடியே 85 லட்சமாக இறங்கும். 3 கோடியே 20 லட்சத்துக்கு விற்றால்கூட மீதி 35 லட்சம், உங்களுக்கு 1 லட்சத்துக்குப் பதில் மூன்றரை லட்சம். மாற்ற மாட்டேன் என்றால், அந்த 5 கோடியை அவரே எவ்வளவு நம்புகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.